ஒரு கிலோமீட்டர் தொலைவில்

இந்த அறையில் புகை உணரியைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் சார். ஏசி காற்று வெளியே வரும் வாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. அறை முழுக்கப் புகை வந்தாலும் அந்தக் காற்று அதை ஓரமாகத் தள்ளிவிடும், உணரிக்குச் சேதியே போகாது. மாட்டியவர் ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டிருக்கிறார். முடிந்தால் யாரிடமாவது சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். கட்டடங்களுக்குத் தீ அலாரம், வாயு அலாரம் பொருத்துவது, பிறகு அவை கத்தும்போதெல்லாம் போய் ஏன் கத்தின என்று பார்ப்பது. நூறு தடவை கத்தினால் ஒரு தடவைகூடத் தீயாக இருக்காது. குளியலறை ஆவி, மரம் அறுத்த தூசு, யாரோ கருக விட்ட ரொட்டி, உணரிக்குள் குடும்பம் நடத்தும் ஒரு சிலந்தி. அலாரம் பொய் சொல்லாது, ஏதோ ஒன்று அதைத் தொட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும். தொட்டது எது என்று கண்டுபிடிப்பவனுக்குத்தான் சம்பளம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவள் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிறவள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்களே, அந்த வேலை. ஓட்டலில் என்ன சாப்பிடலாம் என்றாலும் அப்படித்தான் கேட்பாள். நான் அவளை டாக்டரம்மா என்பேன், அவள் என்னை அலாரம் சார் என்பாள். நாங்கள் பழகியது ஒரு டேட்டிங் செயலியில். இரண்டு பேருக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த வயதில் வேறு எங்கே போய்ப் பழகுவது? அதற்கு முன்னால் என் வீட்டில் மாலை நேரம் எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் டிவியை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பேன். யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அவள் வந்த பிறகு டிவி தேவைப்படவில்லை. அவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

'இனி நாம ரெண்டு பேர் மட்டும்' என்ற பேச்சை எடுத்தது அவள்தான். மழைக்காக ஒரு மேசை நாற்காலிக் கடை வாசலில் ஒதுங்கியிருந்தோம். "எனக்கு வேற யாரையும் பார்க்கணும்னு தோணல. உங்களுக்கு?" என்றாள். எனக்கும் தோன்றவில்லை என்றேன். உடனே போனை எடுத்து, செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, அது நடுங்க ஆரம்பித்ததும் நீக்கிவிட்டாள். "பாவம், பயந்துடுச்சு" என்று சிரித்தாள். அன்று நான் நனைந்துகொண்டே வீடு வந்தேன், குடை கையிலேயே இருந்தது.

கோளாறு அங்கேதான். போனிலிருந்து செயலியை நீக்குவது வேறு, கணக்கை அழிப்பது வேறு. பாதிப் பேருக்கு இது தெரியாது. செயலியை எடுத்துவிட்டாலும் படம், வயது, நாலு வரி அறிமுகம் எல்லாம் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும், மற்றவர்களுக்கு அவ்வப்போது காட்டப்படும். கணக்கையே அழித்தால்தான் ஆள் மறைவார். அப்போது ஏற்கெனவே ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று தட்டிப் பொருந்தியவர்களின் பட்டியலிலிருந்தும் காணாமல் போய்விடுவார். அதனால் சில நாள் கழித்து என் பட்டியலில் அவள் இன்னும் இருந்ததைப் பார்த்தபோது நான் பதறவில்லை. காலி செய்த வீட்டில் பெயர்ப்பலகையைக் கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது.

பிறகு ஒரு நாள் அவள் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அது வேறு விஷயம் சார். பெயர்ப்பலகை தானாக விளக்குப் போட்டுக்கொள்ளாது. கடந்த ஒரு நாளுக்குள் அந்தக் கணக்கைத் திறந்தால்தான் புள்ளி பச்சையாகும். அதோடு தூரமும் மாறியிருந்தது. அவள் வீடு ஊரின் அந்தக் கோடியில், பேருந்தில் ஒரு மணி நேரம். செயலியைத் திறக்கும்போதுதான் தூரம் புதுப்பிக்கப்படும், இல்லாவிட்டால் பழையதே நிற்கும். அன்று அது 'ஒரு கிலோமீட்டர் தொலைவில்' என்று காட்டியது. அதற்குக் குறைவாக அந்தச் செயலி காட்டாது. அதாவது அவள் என் வீட்டுப் பக்கம் வந்து அங்கிருந்து திறந்திருக்கிறாள்.

உடனே போன் செய்தேன், சாதாரணமாக எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் தெரு, பின்தெரு, மருந்துக்கடைப் பக்கம், பூங்கா என்று சுற்றினேன். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் யாரோ யாரோடோ இருந்தார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் அவளும் இருக்கிறாள் என்று நினைத்தபோது, கோபத்தைவிட, என்னைக் கூப்பிடவில்லையே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

அதற்கப்புறம் புள்ளி அடிக்கடி பச்சையானது. நான் வேலைக்குப் போன இடங்களிலும் அதே ஒரு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பக்கம், கிடங்கில் இருந்தால் கிடங்குப் பக்கம். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். ஆளோடு சேர்ந்து நகர்கிற கோளாறைத் தேடும்போது முதலில் ஆளின் பையைத் திறந்து பார் என்று எங்கள் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அக்கா வேறு ஊரில் இருக்கிறாள், வாரம் தவறாமல் பேசுவாள். நிதானமானவள். அவள் அலுவலகத்துப் பெண் ஒருத்திக்கும் இதே பிரச்சினை வந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனதாம்.

"டேய், போட்டோ புதுசா மாத்தியிருக்காளா?"

இல்லை என்றேன்.

"எழுதியிருக்கிறது?"

அதுவும் பழையதுதான்.

"அப்புறம் என்னடா? புதுசா போட்டோ போட்டா, நாலு வரி மாத்தி எழுதினா, அப்ப யோசி. 'உங்களை ஒருத்தருக்குப் பிடிச்சிருக்கு'ன்னு சேதி வரும், கை தெரியாம பட்டுடும், திறந்துக்கும். புள்ளியைப் பார்த்து ஒரு மனுஷியை எடை போடாதே. நேரா கேளு. கேட்டா சொல்லப்போறா."

அக்கா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இப்போது யோசித்தாலும் நானே அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

நேராகவே கேட்டேன். அவள் வீட்டுச் சமையலறையில், நின்றுகொண்டே. அவள் கோபப்படவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டாள். செயலி இல்லை. மறைத்து வைத்த இடங்களிலும் தேடினேன், இல்லை. "அப்ப ஏன் என் பட்டியல்ல இருக்கே?" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கணக்கு வேறு, செயலி வேறு என்று நான் விளக்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இப்போதே மறுபடி இறக்கிக் கணக்கை அழித்துவிடலாம், பக்கத்தில் உட்காருங்கள் என்றாள்.

நான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அழிக்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் புள்ளி பச்சையாகும் என்று ஏதோ சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அலாரம் சார், அது ஒரு நிமிஷம் பச்சையா இருந்துட்டு அப்புறம் ஆளே இருக்க மாட்டேன். அதுதானே வேணும்?" என்றாள். அது எனக்கு வேண்டாம். கணக்கு இருந்தால் அவள் உண்மையாக இருக்கிறாளா என்று பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அழித்துவிட்டால் நான் அவளை நம்பித்தான் ஆக வேண்டும். உணரி இல்லாத கட்டடத்தில் எப்படித் தூங்குவது?

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசும்போது கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேச ஆரம்பித்தாள். வேடிக்கை குறைந்தது.

இனி டேப்லெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓரத்தில் விரிசல் விட்ட பழைய டேப்லெட் ஒன்றை அவள் எனக்குக் கொடுத்திருந்தாள். கட்டட வரைபடங்களைப் போனில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன் என்று, கண் விஷயமானதால் அவளால் பொறுக்க முடியவில்லை. நான் அதை எங்கே போனாலும் பையில் போட்டுக்கொண்டு போவேன், என் போனிலிருந்தே அதற்கு இணையம் கொடுப்பேன். அதில் அவ்வப்போது ஒரு சேதி மேலே வந்து நிற்கும், உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்று. நானும் அதே செயலியில் இருப்பவன், என் மின்னஞ்சலையும் அதில் போட்டிருந்தேன். அதனால் என்னைத்தான் சொல்கிறது என்று நினைத்தேன். தட்டினால் மங்கலாக்கிய முகங்கள் வரிசையாக வரும், பணம் கட்டினால் தெளிவாகக் காட்டுவார்கள். நான் கட்டவில்லை. இத்தனை பேருக்கு என்னைப் பிடித்தும் யார் என்று பார்க்காமல் மூடிவிடுகிறேனே என்று எனக்கு என்மேல் மரியாதையாக இருந்தது. சில நாள் மதியச் சாப்பாட்டின்போது அந்த மங்கல் முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அது, உங்கள் படங்கள் பழையதாகிவிட்டன, புதிதாக ஒன்று சேருங்கள் என்றது. தட்டினேன். என் படம் வர வேண்டிய இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், மஞ்சள் சட்டையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

எப்போதோ அவள் அந்த டேப்லெட்டிலும் செயலியைப் போட்டிருக்கிறாள், கணக்கு அதில் திறந்தே கிடந்திருக்கிறது. போனில் நீக்கினால் டேப்லெட்டில் நீங்காது. நான் ஒவ்வொரு முறை தட்டியபோதும் அவள் பச்சையானாள். என் பையில் இருந்ததால் என்னிடமிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தாள். பொருந்தியவர்களோடு அவள் எழுதிய பேச்சுகளையும் பார்த்தேன். மழை நாளுக்குப் பிறகு யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள், ஒன்றைக்கூட அவள் படித்திருக்கவில்லை.

அவள்மேல் தப்பே இல்லை என்பது எனக்கு அன்று தெரிந்துவிட்டது. இதை நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். அது நடப்பதற்கு வெகு முன்னாலேயே தெரியும்.

மன்னிப்புக் கேட்கத்தான் கிளம்பினேன். டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் வீடுவரை போனேன். கதவைத் திறந்தவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. இன்றைக்கு என்ன கேட்கப்போகிறானோ என்ற பயம். டீ போட்டுக் கொடுத்தாள். என் எதிரில் உட்கார்ந்து, தன்னிடம் ஏதாவது தப்பு இருந்தால் சொல்லும்படியும், தனக்கே தெரியாமல் யாரோ தன் கணக்கைத் திறக்கிறார்களோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து, போகட்டும், நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்றேன். அவள் அழுதுவிட்டாள். என் தோளில் சாய்ந்துகொண்டு வெகு நேரம் இருந்தாள். அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன்னால் அவள் இருந்ததில்லை. அந்த நேரத்தில் டேப்லெட்டை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு எப்போது ரொம்பத் தனியாகத் தோன்றுகிறதோ அப்போது டேப்லெட்டில் அவள் கணக்கைத் திறப்பேன். பச்சையாகும். போன் செய்து கேட்பேன். அவள் தவிப்பாள். நான் மன்னிப்பேன். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் அவள் களைத்துப்போனாள். தங்கையிடம் பேசியிருக்கிறாள், அது உங்களுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வரா. அவ முன்னாடி உள்ளே போய், எந்தெந்தக் கருவியில இந்தக் கணக்கு திறந்திருக்குன்னு பார்த்துட்டு அழிக்கப்போறேன். அதுக்கப்புறம் நீங்க என்னைத் தேட வேண்டாம். நம்பிக்கை இல்லாத இடத்துல என்னால மூச்சு விட முடியல."

நம்பிக்கை இல்லாமல்தான் இத்தனை நாள் நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஞாயிறு வந்தால் அவள் என் பட்டியலிலிருந்து போய்விடுவாள். டேப்லெட்டும் வெறும் பலகையாகிவிடும். நான் மறுபடி டிவியை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார வேண்டும். அதோடு யாருடைய கை தட்டியது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு எது அதிக பயம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது. அதன் புகைக்குழாய் இணைப்பில் விலகியிருப்பதை நாங்கள் பழகிய ஆரம்பத்திலேயே பார்த்தேன். அப்படி விலகினால் எரிந்த வாயு வெளியே போகாமல் உள்ளே தங்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. குழாயை மாற்றும்வரை இருக்கட்டும் என்று நானே ஒரு வாயு உணரி வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அவளுக்கு நான் கொடுத்த முதல் பரிசு அதுதான். மற்றவர்கள் பூ கொடுப்பார்கள், நீங்கள் அலாரம் கொடுக்கிறீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். இரண்டு முறை அது கத்தியிருக்கிறது, இரண்டு முறையும் ஜன்னலைத் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனேன். என் பொருள்களை எடுத்துக்கொள்ள வந்தேன் என்றேன். ஒரு சட்டை, ஒரு திருகாணிப் பெட்டி, அந்த உணரி. உணரி எதற்கு என்று கேட்டாள். அது பழையதாகிவிட்டது, அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து புதிது அனுப்புகிறேன் என்றேன். குழாய் பற்றிக் கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், அவள் கவனமானவள். ஏணியைப் போட்டு ஏறினேன், கொஞ்ச நேரம் மேலே நின்றேன், இறங்கிவந்தேன். சரியாக மாட்டிவிட்டேன், இனி பயமில்லை என்றேன். நான் அந்தக் குழாயைத் தொடவே இல்லை.

அவள் நன்றி சொன்னாள். குளிராக இருந்தது. குளியலறை ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டாள். சாத்திக்கொள் என்றேன்.

சனிக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருக்கிறாள். மறுநாள் தங்கை வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். மற்றதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வலி தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன், தூக்கம் வருகிற மாதிரிதான் இருந்திருக்கும். விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் போனேன். அவள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளைத் தேற்றினேன்.

அடக்கம் முடிந்த மறுநாளும் அவள் கணக்கு பச்சையாக இருந்ததே, அது எப்படி என்று அந்தச் செயலியில் இருக்கும் தங்கையின் நண்பர் ஒருவர் உங்களிடம் வந்து கேட்டதாகச் சொன்னீர்கள். நான்தான் திறந்தேன். அதற்கு அடுத்த நாளும் திறந்தேன். உங்கள் ஆட்கள் வந்து டேப்லெட்டை எடுத்துப்போகும்வரை தினமும் திறந்தேன். வேறு எதற்கும் இல்லை. திறந்தால் என் போனில் அவள் பெயர் பக்கத்தில் புள்ளி வரும், ஒரு கிலோமீட்டர் தொலைவில் என்று வரும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். ஆக, அவளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது மட்டும் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. அந்த மழை நாளுக்குப் பிறகு என் கணக்கை நான் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அழித்தால் அவளை எப்படிப் பார்ப்பது? என் கணக்கும் பச்சையாகத்தான் இருந்திருக்கும், தினமும் திறந்தேனே. அவள் நினைத்திருந்தால் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை சார். ஒருவன் கணக்கு பச்சையாக இருப்பதாலேயே அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டுமா என்ன?